முகலிவாக்கத்தில் போய் விழுந்த மயிலாப்பூர்: 24 வண்டல் தொட்டிகளின் இடச் சரிபார்ப்பு

கடந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, சென்னையில் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் உள்ள இரண்டு தெருக்களில் மழைநீர் வடிகாலின் வண்டல் வடிகட்டித் தொட்டிகள் தூர்வாரப்பட்டன. 24 தொட்டிகளுக்கு ஒப்பந்ததாரர் அறிக்கை கொடுத்திருந்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வரிசை எண், அட்சரேகை, தீர்க்கரேகை, முந்தைய தொட்டியிலிருந்து உள்ள தூரம், ஒரு புகைப்படம் என்று அறிக்கை அமைந்திருந்தது. அதை முதலில் சரிபார்த்த ஆய்வாளர், அறிக்கையில் உள்ள இடம் முகலிவாக்கத்துக்கும் மணப்பாக்கத்துக்கும் இடையில் வருகிறது என்றும், புகைப்படங்களில் பொறிக்கப்பட்டுள்ள இடம் மயிலாப்பூரில் வருகிறது என்றும், இரண்டுக்கும் இடையே சுமார் 12 கி.மீ. இருப்பதால் படங்கள் வேறு இடத்தில் எடுக்கப்பட்டவை என்றும் குறிப்பெழுதி, பணத்தை நிறுத்தி வைக்குமாறு பரிந்துரைத்திருந்தார். ஒப்பந்ததாரர் மறுத்தார். மறு ஆய்வு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

முந்தைய ஆய்வாளரைக் குறை சொல்வதற்கில்லை. அறிக்கையின் பத்தாவது வரிசையில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

```
10   13.0158   80.1609
```

இதை வரைபடத்தின் தேடல் பெட்டியில் இட்டால் ஊசி முகலிவாக்கத்தின் தெற்கே, வீடுகள் நெருங்கிய பகுதியில்தான் நிற்கும். அங்கும் தெருக்கள் உண்டு, வடிகால்கள் உண்டு, மழைக்காலத்தில் நீர் தேங்குவதும் ஊரறிந்தது. ஊசி கடலுக்குள் நின்றிருந்தால் யாருக்கும் உடனே சந்தேகம் வந்திருக்கும். நம்பத்தகுந்த ஓர் இடத்தில் நின்றதால், எண்ணைச் சந்தேகிக்க வேண்டியவர் ஆளைச் சந்தேகித்துவிட்டார்.

ஒரே எண், மூன்று வாசிப்பு

13.0158 என்ற எண்ணுக்குப் பின்னால் எந்தக் குறியும் இல்லாதபோது அதை மூன்று விதமாக வாசிக்க முடியும். முதலாவது, தசம பாகை. அதாவது 13 பாகையும், ஒரு பாகையின் பத்தாயிரத்தில் 158 பங்கும். இரண்டாவது, பாகை நிமிடம் விநாடி. 13 பாகை, 01 நிமிடம், 58 விநாடி என்பதில் குறிகள் உதிர்ந்து ஒரு புள்ளி மட்டும் மிஞ்சியது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பாகையும் தசம நிமிடமும், அதாவது 13 பாகை, 1.58 நிமிடம். கையடக்க ஜிபிஎஸ் கருவிகளிலும் கடலோடிகள் பயன்படுத்தும் கருவிகளிலும் இந்த மூன்றாவது வடிவம் வழக்கமானது.

பாகை நிமிடம் விநாடியைத் தசமமாக்குவது எளிய கணக்கு. நிமிடத்தை 60 ஆலும் விநாடியை 3600 ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும்.

```
13 + 1/60  + 58/3600 = 13.03278
80 + 16/60 +  9/3600 = 80.26917
```

இந்த 13.03278, 80.26917 கபாலீசுவரர் கோயிலுக்கு அருகில் வருகிறது. மூன்றாவது வாசிப்பில், 1.58ஐ 60 ஆல் வகுத்தால் 13.02633 என்றும், 16.09ஐ 60 ஆல் வகுத்தால் 80.26817 என்றும் கிடைக்கும். அது மந்தைவெளிப் பக்கம், இரண்டாவது வாசிப்பிலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் தெற்கே. ஆக, அறிக்கையின் ஒரே வரி முகலிவாக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி என்று மூன்று இடங்களைக் காட்டுகிறது. மூன்றுமே சென்னைக்குள் இருக்கின்றன. பணி நடந்ததாகச் சொல்லப்பட்ட தெருக்களோ மயிலாப்பூரிலும் இருக்கின்றன, மந்தைவெளியிலும் இருக்கின்றன. எனவே "எந்த வாசிப்பு பொருத்தமான இடத்தில் விழுகிறது" என்ற கேள்வி இங்கே விடை தராது. அப்படிக் கேட்பது முறையும் அல்ல. நமக்கு வேண்டிய விடையைத் தரும் வாசிப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதையே சான்று என்று சொன்னதாகிவிடும்.

இந்தப் பிழைக்கு ஒரு திசை உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிடம் என்பது பாகையில் 60இல் ஒரு பங்கு. குறிகளை உதிர்த்துத் தசமமாக வாசிக்கும்போது அது 100இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருக்கம் எப்போதும் முழுப் பாகையை நோக்கியே நடக்கும். சென்னையைப் பொறுத்தவரை 80 பாகைத் தீர்க்கரேகை நகரத்துக்கு மேற்கே இருப்பதால், இப்படித் தவறாக வாசிக்கப்பட்ட இடம் உண்மையான இடத்துக்கு மேற்கிலும் தெற்கிலும்தான் விழும். நிமிட எண் ஒன்று கூடும்போதெல்லாம் விலகல் சுமார் 700 மீட்டர் கூடும். மயிலாப்பூரின் தீர்க்கரேகையில் 16 நிமிடங்கள் இருப்பதால் மேற்கே 11 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகிறது. அட்சரேகையில் ஒன்று, இரண்டு நிமிடங்களே இருப்பதால் தெற்கே 2 கி.மீ.க்குள் நிற்கிறது. முந்தைய ஆய்வாளர் கண்ட 12 கி.மீ. இதுதான்.

எதிர்ப்பக்கப் பிழையைச் சென்னையில் மறைக்க முடியாது. தசமத்தில் உள்ள 80.26ஐ யாராவது 80 பாகை 26 நிமிடம் என்று வாசித்தால், இடம் கிழக்கே நகர்ந்து கரையிலிருந்து சுமார் 17 கி.மீ. தொலைவில் வங்கக் கடலில் போய் விழும். கடல் அந்தப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மேற்கே நகரும் பிழையைத்தான் புறநகர் தன்னுள் வாங்கி மறைத்துக்கொள்கிறது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ கடல் காட்டிக்கொடுக்கும் இந்த வசதி எந்தப் பக்கமும் கிடையாது.

தூரம் சொன்ன சாட்சி

இடத்தை வைத்து முடிவெடுக்க முடியாதபோது இடைவெளியை வைத்து முடிவெடுக்கலாம். ஒரே தெருவில் வரிசையாக உள்ள ஐந்து தொட்டிகளின் எண்களை எடுத்துக்கொண்டோம்.

```
 7   13.0149   80.1608
 8   13.0152   80.1608
 9   13.0155   80.1609
10   13.0158   80.1609
11   13.0201   80.161
```

இவை தெற்கிலிருந்து வடக்காகச் செல்லும் தொட்டிகள். அளவுப் புத்தகத்தில், அதாவது எம்-புக்கில், 7 முதல் 11 வரை நாடா வைத்து அளந்த மொத்த நீளம் 378 மீட்டர் என்றும், அடுத்தடுத்த தொட்டிகளுக்கு இடையே 90 முதல் 98 மீட்டர் வரை இருப்பதாகவும் பதிவாகியிருந்தது. அந்த அளவை எடுத்தவர்கள் செயற்கைக்கோளை நம்பி எடுக்கவில்லை. ஆகவே அது ஆயத்தொலைவைச் சாராத தனிச் சான்று.

இப்போது மூன்று வாசிப்புகளையும் இந்தத் தெருவின் மேல் வைத்துப் பார்க்கலாம். அட்சரேகையில் ஒரு பாகை இங்கே சுமார் 110.6 கி.மீ.; ஒரு விநாடி சுமார் 30.7 மீட்டர். தசம பாகையாகக் கொண்டால், 0.0149இலிருந்து 0.0152 வரை 0.0003 பாகை, அதாவது வெறும் 33 மீட்டர். இப்படி முதல் நான்கு தொட்டிகளும் 33 மீட்டருக்கு ஒன்றாக நெருங்கி நிற்க, ஐந்தாவது தொட்டி மட்டும் 0.0158இலிருந்து 0.0201க்குத் தாவி ஏறத்தாழ 475 மீட்டர் தள்ளிப் போய் நிற்கிறது. தசம நிமிடமாகக் கொண்டால் முதல் இடைவெளிகள் 55 மீட்டர், கடைசித் தாவல் 790 மீட்டருக்கும் மேல். பாகை நிமிடம் விநாடியாகக் கொண்டால் ஒவ்வோர் இடைவெளியும் 3 விநாடி. 49, 52, 55, 58 என்று போய், 60ஐத் தாண்டும்போது நிமிடம் 2 ஆகி விநாடி 01 என்று தொடங்குகிறது. தாவல் என்று எதுவும் இல்லை. ஒவ்வொன்றும் 92 மீட்டர், தீர்க்கரேகையும் ஒரு விநாடி மாறும் இடத்தில் 97 மீட்டர். மொத்தம் நேர்க்கோட்டில் 374 மீட்டர். எம்-புக்கின் 378க்கு இது மிக நெருக்கம்.

தசமமாக வாசித்தால் மொத்த நீளம் 576 மீட்டர், தசம நிமிடமாக வாசித்தால் 960 மீட்டர். பெரும்பாலான இடைவெளிகள் குறைவாகவும் மொத்தம் அதிகமாகவும் வருகிற இந்த முரண், குறி உதிர்ந்த விநாடிகளின் தனி அடையாளம். வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், புள்ளிகள் கொத்துக் கொத்தாகக் கூடி நின்று, கொத்துகளுக்கு நடுவில் வெற்றிடம் விட்டிருக்கும். 60 முதல் 99 வரையுள்ள எண்களுக்கு ஆளே இல்லாததால் விழும் வெற்றிடம் அது. முந்தைய ஆய்வாளர் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தொட்டியை மட்டும் வரைபடத்தில் இட்டுப் பார்த்திருந்தார். ஐந்தையும் இட்டிருந்தால் இந்தக் கொத்தும் வெற்றிடமும் அவர் கண்ணில் பட்டிருக்கும். ஒற்றைப் புள்ளி எந்தத் தெருவுக்கும் பொருந்திவிடும். வரிசைதான் தெருவைச் சொல்லும்.

பதினோராவது வரிசையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. மற்ற வரிசைகளில் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கங்கள் இருக்க, அங்கே 80.161 என்று மூன்றே இருந்தன. அட்டவணை மென்பொருள் அதை எண்ணாகக் கொண்டு, கடைசிப் பூஜ்யத்தை மதிப்பில்லாதது என்று நீக்கிவிட்டது. தசமத்தில் அது சரி. விநாடியில் அது தவறு: அங்கே 80.1610 என்பது 16 நிமிடம் 10 விநாடி. யாராவது அதை 16 நிமிடம் 1 விநாடி என்று வாசித்தால் அந்தத் தொட்டி 270 மீட்டர் மேற்கே, வேறு தெருவுக்குப் போய்விடும். இலக்கம் குறைந்தால் வலப்பக்கம் பூஜ்யம் சேர்க்க வேண்டும், இடையில் அல்ல. எழுதியவர் தசமமாகவே எண்ணி எழுதினார் என்பதற்கு இதுவே சான்று ஆகாதா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஆகாது, பூஜ்யத்தை நீக்கியது மனிதர் அல்ல, கட்டத்தின் அமைப்பு. எழுதியவர் எதை நினைத்து எழுதினார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அறுபதுக்கு மேல் இல்லாத இலக்கங்கள்

பலருக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. நிமிடமும் விநாடியும் 59க்கு மேல் போகாது. ஆகவே புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்களை இரண்டிரண்டாகப் பிரித்து, எதிலாவது 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தசம பாகை அல்லது தசம நிமிடம், இல்லையென்றால் விநாடியாக இருக்கலாம். இது நல்ல சோதனைதான். ஆனால் "இருக்கலாம்" என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையான தசம எண்ணிலும் ஓர் இணை 60க்குக் கீழே இருக்கப் பத்துக்கு ஆறு வாய்ப்பு உண்டு. ஒரே ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

24 வரிகள் இருக்கும்போது நிலைமை மாறுகிறது. இவை தசமமாக இருந்தால் அட்சரேகையின் கடைசி இணையில் சுமார் பத்து வரிகளாவது 60ஐத் தாண்டியிருக்க வேண்டும். அடுத்தடுத்த தொட்டிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது என்றாலும், இரண்டு தெருக்களின் நீளத்தில் 60 முதல் 99 வரை ஒன்றுகூட வராமல் இருப்பது கடினம். தீர்க்கரேகைப் பத்தி இங்கே உதவவில்லை. தெரு வடக்குத் தெற்காகச் செல்வதால் அதன் இலக்கங்கள் எதுவானாலும் மாறாமல்தான் இருக்கும்.

ஆனால் எங்கள் பட்டியலில் ஒரு வரி இந்தச் சோதனையை உடைத்தது. மந்தைவெளித் தெருவின் பதினேழாவது வரிசையில் 13.0183 என்று இருந்தது. 83 விநாடி என்று ஒன்று கிடையாது. சோதனையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால், ஒரே ஒரு வரிக்காகப் பட்டியல் முழுவதையும் தசமம் என்று தீர்ப்பளித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வரியில் 35, அடுத்த வரியில் 41. நடுவில் வர வேண்டியது 38. தட்டச்சில் இலக்கங்கள் இடம் மாறி 83 ஆகியிருக்கின்றன. இதை ஊகமாக மட்டும் எழுதிவைத்துவிட்டு, களக் குறிப்பேட்டைக் கேட்டனுப்பினோம்.

குறிப்பேடு

களத்தில் அளவெடுத்தவர் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர்; இருபது ஆண்டுகளாக இதே வேலையில் இருப்பவர். பழைய கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை வைத்திருந்தார். அது பாகை, நிமிடம், விநாடி என்று காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. குறிப்பேட்டில் அவர் 13-01-58 என்று கோடிட்டு எழுதியிருந்தார். பதினேழாவதற்கு 13-01-38 என்று தெளிவாக இருந்தது. அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் கோடுகளைப் புள்ளிகளாக்கியிருக்கிறார். ஓர் எண்ணில் இரண்டு புள்ளிகள் இருந்தால் கட்டம் அதை எண்ணாக ஏற்கவில்லை என்பதால் இரண்டாவது புள்ளியை எடுத்துவிட்டிருக்கிறார்.

"சார், மணி எழுதற மாதிரிதானே சார். அஞ்சு முப்பதுன்னா 5.30னு போடறோம். அதை யாராவது அஞ்சே காலுக்கு மேலே ஏதோ ஒண்ணுன்னு கணக்குப் போடுவாங்களா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. தமிழில் நாம் நேரத்தைப் புள்ளி வைத்தே எழுதிப் பழகியவர்கள். 5.30 மணி என்றால் ஐந்தரை என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சாங்கத்தில் நாழிகைக்குப் பிறகு புள்ளி வைத்து விநாழிகை எழுதினால், அது அறுபதின் கணக்கு என்பது பார்க்கிறவருக்குத் தெரியும். பாகைக்கும் அதே கை அதே புள்ளியை வைத்திருக்கிறது. வைத்த கைக்கு அது அறுபது. வாசித்த மென்பொருளுக்கு அது நூறு.

குறிகள் தொலைவதற்கு வேறு வழிகளும் உண்டு. வருடிய ஆவணத்தை எழுத்துணரி வாசிக்கும்போது பாகைக் குறியின் சிறு வட்டம் பூஜ்யமாக மாறி, 13°01' என்பது 13001' என்று ஆகிவிடும். பாகைக்கு மூன்று இலக்கம் வந்தாலே சந்தேகிக்கலாம். பழைய, ஒருங்குறி அல்லாத தமிழ் எழுத்துருக்களில் தயாரான ஆவணங்களை மாற்றும்போது, பாகைக் குறி இருந்த இடத்தில் ஏதோவொரு தமிழ் எழுத்து வந்து உட்கார்ந்திருப்பதையும் கண்டிருக்கிறேன். எண்களுக்கு நடுவில் காரணமில்லாமல் ஓர் உயிரெழுத்து இருந்தால் அது பெரும்பாலும் அச்சுப்பிழை அல்ல, குறியின் எச்சம்.

புகைப்படம் எதைச் சொல்லும்

அறிக்கையில் ஒட்டப்பட்டிருந்த படங்களின் மேல் இடமும் நேரமும் பொறிக்கப்பட்டிருந்தன. பொறித்த எழுத்து படத்தின் ஒரு பகுதி. அதை யாரும் மாற்றலாம். எனவே மூலக் கோப்புகளைக் கேட்டோம். முதலில் வாட்ஸாப்பில் படமாக அனுப்பினார்கள்; அப்படி அனுப்பினால் கோப்புக்குள் இருக்கும் இடத்தகவல் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொன்ன பிறகு முழுமையாக வந்தன. பத்தாவது தொட்டியின் படத்தை, கோப்புக்குள் இருக்கும் தகவலைக் காட்டும் exiftool என்ற மென்பொருளில் இரு விதமாக வாசித்தோம்.

```
$ exiftool -GPSLatitude -GPSLongitude thotti10.jpg
GPS Latitude    : 13 deg 1' 58.12" N
GPS Longitude   : 80 deg 16' 9.07" E

$ exiftool -n -GPSLatitude -GPSLongitude thotti10.jpg
GPS Latitude    : 13.0328111111111
GPS Longitude   : 80.2691861111111
```

படக் கோப்பின் உள்ளே இடம் பாகை, நிமிடம், விநாடி என்று மூன்று தனித்தனி எண்களாகவே சேமிக்கப்படுகிறது. வடக்கு, கிழக்கு என்ற திசை வேறாக இருக்கிறது. பார்க்கும் மென்பொருள்தான் அதைத் தசமமாக மாற்றிக் காட்டுகிறது. ஆகவே ஒரே படம் ஒருவர் திரையில் 13.0328 என்றும், இன்னொருவர் திரையில் 13 பாகை 1 நிமிடம் 58 விநாடி என்றும் தெரியும். முந்தைய ஆய்வாளர் பார்த்த திரை தசமத்தைக் காட்டியது. அறிக்கையிலும் தசமம் போன்ற ஓர் எண் இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்தபோது வேறுபாடுதான் தெரிந்தது. விநாடி வடிவில் வைத்திருந்தால், 1, 58, 16, 9 என்ற எண்கள் அறிக்கையின் 0158, 1609 ஆகியவற்றோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப்போவது அப்போதே தெரிந்திருக்கும். அதனால் இப்போது எங்கள் அலுவலகத்தில், முரண்படும் இரண்டு ஆயத்தொலைவுகள் வந்தால், இரண்டையும் இரண்டு வடிவங்களிலும் எழுதி, நான்கையும் ஒரே தாளில் வைத்துப் பார்த்த பிறகே தூரத்தைக் கணக்கிடுகிறோம்.

இந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதிலும் கவனம் தேவை. அறிக்கையின் 58 விநாடிக்கும் படத்தின் 58.12 விநாடிக்கும் உள்ள வேறுபாடு தரையில் நான்கு மீட்டருக்கும் குறைவு. அதைப் பார்த்து "நான்கு மீட்டருக்குள் உறுதி" என்று எழுதத் தோன்றும், எழுதக் கூடாது. முழு விநாடியாக எழுதிய எண் இருபுறமும் 15 மீட்டர் வரை நெகிழ்வு கொண்டது. கைப்பேசியின் அளவீடும் இருபுறமும் மாடிகள் நெருங்கிய மயிலாப்பூர்த் தெருக்களில் பல மீட்டர் விலகலாம். exiftool காட்டும் பதின்மூன்று தசம இலக்கங்கள் வகுத்தலில் வந்தவை, அளவீட்டில் வந்தவை அல்ல. ஐந்தாவது இலக்கமே ஒரு மீட்டருக்குச் சமம், அதற்கு மேல் உள்ளவற்றை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆகவே இந்த ஒப்பீடு நிறுவுவது, படம் அந்தத் தெருவின் அந்தப் பகுதியில் எடுக்கப்பட்டது என்பதை மட்டுமே. இந்தத் தொட்டிதானா, பக்கத்து வீட்டுக் கழிவுநீர் மூடியா என்பதை எண் சொல்லாது. அதற்குப் படத்தில் தெரிந்த மின்கம்பத்தின் எண்ணையும் எதிரே இருந்த கடைப் பலகையையும் நேரில் போய்ப் பொருத்திப் பார்த்தோம்.

மந்தைவெளித் தெருவில் இரண்டு படங்களில் இன்னொன்று தென்பட்டது. இருபதாவது, இருபத்தொன்றாவது தொட்டிகளின் படங்களில் ஆயத்தொலைவு கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தது. இரண்டு தொட்டிகளுக்கும் இடையே எம்-புக்கில் 90 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அசையாமல் ஒரே இடத்தில் நின்று எடுத்தால்கூட அடுத்தடுத்த அளவீடுகளில் சிறு மாற்றம் இருக்கும். கைப்பேசி புதிய நிலையைப் பெறுவதற்குள் பழையதையே மீண்டும் எழுதியிருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. படங்களில் இருந்த அந்த ஆயத்தொலைவு, அறிக்கையில் உள்ள இருபதாவது தொட்டியின் எண்ணோடு பொருந்தியது, இருபத்தொன்றாவதன் எண்ணோடு பொருந்தவில்லை.

ஒரு வாசகர் கேட்கக்கூடியது: பழைய நிலவரைபடத்தின் அடிப்படையில் எடுத்த எண்ணாக இருந்திருந்தால்? இந்திய நிலஅளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற வேறு புவிவடிவ அடிப்படையில் அமைந்தவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ் 84. இவற்றைக் கலந்தால் நூறு, இருநூறு மீட்டர் அளவில் விலகல் வரும். பன்னிரண்டு கி.மீ. விலகலை அதன் தலையில் கட்ட முடியாது. விலகலின் அளவே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடுகிறது: சில மீட்டர் என்றால் கருவி, நூறு இருநூறு மீட்டர் என்றால் அடிப்படை, கிலோமீட்டர்கள் என்றால் எண்ணை வாசித்த விதம்.

எழுதிய முடிவு

எங்கள் அறிக்கையில் ஒவ்வோர் இடத்தையும் `13°01'58"N 80°16'09"E` என்று குறிகளோடும், அதன் கீழே `13.03278, 80.26917` என்று ஐந்து இலக்கத் தசமத்திலும் தந்தோம். மூல அறிக்கையில் இருந்த 13.0158 என்ற வடிவத்தையும் அழிக்காமல் தனிப் பத்தியில் வைத்தோம். மூன்றாவதாக ஒருவர் வந்து சரிபார்த்தால் எங்கள் மாற்றம் எங்கே நடந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தசமத்தை ஐந்து இலக்கத்தில் தந்தாலும், மூல அளவு முழு விநாடியில் இருப்பதால் நெகிழ்வு 15 மீட்டர் என்று அருகிலேயே குறித்தோம்.

24இல் 22 தொட்டிகளின் இடம் படத்தோடும் எம்-புக்கோடும் பொருந்தியது என்று பதிவு செய்தோம். பதினேழாவதை 83 என்பதிலிருந்து 38 என்று திருத்தி, குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தின் நகலை இணைத்தோம். இருபத்தொன்றாவதை உறுதி செய்ய இயலவில்லை என்று எழுதினோம். அதற்கு மட்டும் மறுபடம் கேட்கப்பட்டது. மேற்பார்வையாளர் கைப்பேசியோடு போனபோது பருவமழை தொடங்கிவிட்டிருந்தது; தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். தொட்டியின் மூடி தெரியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்த படம் மூன்று வாரம் கழித்து வந்தது. அதில் ஆயத்தொலைவு பொருந்தியது, ஆனால் தொட்டியில் மீண்டும் வண்டல் சேர்ந்திருந்ததால், தூர்வாரியதற்கு அது சான்றாகாது என்று அந்த ஒரு தொட்டிக்கான தொகை மட்டும் நிலுவையில் நின்றது.